மாத்திரை தீரும் தேதி

இதய நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதித் தரும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின், பல மருந்துக்கடைகளில் 14 மாத்திரை கொண்ட அட்டையாக வருகிறது. நாளுக்கு ஒன்று வீதம் போடுகிறவர் மாதத்துக்கு இரண்டு அட்டை வாங்குவார். இரண்டு அட்டை என்றால் 28 மாத்திரை. ஆனால் பிப்ரவரியைத் தவிர எந்த மாதத்திலும் 28 நாள் கிடையாது. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி பென்ஷன் வந்ததும் கடைக்குப் போய் இரண்டு அட்டை வாங்கி வருகிற ஒருவர், வருடத்தில் 336 மாத்திரைதான் வாங்கியிருப்பார். வருடத்துக்கு 365 நாள். மீதி 29 நாள் அவர் மாத்திரையே இல்லாமல் இருந்திருக்கிறார். மறதிக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது. தேதி தவறாமல் கடைக்கு வந்தவர்தான். அட்டையின் கணக்கும் காலண்டரின் கணக்கும் ஒத்துப்போகாததுதான் காரணம்.

மாதாமாதம் ஒரே மருந்தை வாங்குகிறவர்களுக்கு, தீர்ந்துபோகும் முன்பே "வாங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது" என்று நினைவூட்டும் பழக்கம் இப்போது பல மருந்துக்கடைகளில் இருக்கிறது. சிலர் நோட்டில் எழுதி வைத்து போன் செய்கிறார்கள், சிலர் பில் போடும் கம்ப்யூட்டர் மூலமாக வாட்ஸ்அப் அனுப்புகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் பெரும்பாலான கடைகளில் அந்தச் செய்தி பில் போட்ட தேதியிலிருந்து 30 நாள் கழித்து, அல்லது 25 நாள் கழித்து, எல்லாருக்கும் ஒரே மாதிரி போகிறது. வாடிக்கையாளர் வீட்டில் என்ன இருக்கிறது என்பதை அது பார்ப்பதே இல்லை. நினைவூட்டல் பலன் தருமா, தொல்லையாகுமா என்பது இந்த ஒரு இடத்தில்தான் முடிவாகிறது.

ஒரு வாடிக்கையாளரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 68 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், காலை ஒன்று இரவு ஒன்று. பிரஷருக்கு டெல்மிசார்டன், காலையில் ஒன்று. கூடவே அந்த ஆஸ்பிரின். ஜூன் 1 அன்று வீட்டில் எதுவும் மிச்சமில்லாத நிலையில் வந்து மெட்ஃபார்மின் 60, டெல்மிசார்டன் 30, ஆஸ்பிரின் 28 வாங்கிப் போகிறார். அன்றிலிருந்தே போடுகிறார். சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் ஜூன் 30 வரை வரும். ஆஸ்பிரின் 28-ஆம் தேதியோடு சரி. ஒரே நாளில் ஒரே பையில் போட்டு வாங்கிய மூன்று மருந்துகள் வெவ்வேறு நாளில் தீர்கின்றன. மூன்றும் சேர்ந்து தீரட்டும் என்று அவர் ஒன்றாம் தேதி வரை காத்திருப்பார். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள், ஒரு மாத்திரைக்காக இரண்டு தடவை கடைக்கு நடப்பவர் குறைவு. அடுத்த மாதம் ஜூலை, 31 நாள். ஜூலை 31 அன்று அவரிடம் எந்த மாத்திரையுமே இருக்காது.

இப்போது இதே ஆசிரியர் கொஞ்சம் உஷாராக, ஜூன் 24 அன்றே கடைக்கு வந்து இன்னும் இரண்டு அட்டை ஆஸ்பிரின் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய மாத்திரையைப் போட்ட பிறகு பழைய அட்டையில் 4 மிச்சம். புதிது 28. ஆக 32. நாளுக்கு ஒன்று வீதம் ஜூலை 26 வரை வரும். ஆனால் கடையின் கம்ப்யூட்டருக்கு அந்த 4 மாத்திரை தெரியாது. அது ஜூன் 24-ஐ ஆரம்பமாக வைத்து, 28 நாளில் தீரும் என்று நினைத்து, ஜூலை 22-ஐ ஒட்டிக் கணக்குப் போட்டு, ஒரு வாரம் முன்னதாக 14-ஆம் தேதியோ 15-ஆம் தேதியோ செய்தி அனுப்பிவிடும். அவர் அதை நம்பி வந்தால் அடுத்த நினைவூட்டல் இன்னும் முன்னதாக வரும். அதற்கடுத்தது அதற்கும் முன்னதாக. நான்கைந்து மாதத்தில் மேசை டிராயரில் இரண்டு மூன்று அட்டை சேர்ந்துவிடும். "சும்மா விற்கிறதுக்குத்தான் போன் பண்றாங்க" என்று அவருக்குத் தோன்றும். அதன் பிறகு வருகிற எந்தச் செய்தியையும் அவர் திறந்து பார்க்க மாட்டார், உண்மையிலேயே தீரப் போகிற மாதத்தில் வருவதையும் சேர்த்துத்தான்.

அதனால் நினைவூட்டலுக்கான கணக்கில் பில் தேதிக்கு இடமே இல்லை. கையில் இருக்கும் மாத்திரை எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை செலவாகிறது, வகுத்தால் எத்தனை நாள் வரும் என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் புதுச் சரக்கை மிச்சத்தோடு கூட்டி, தீரும் தேதியைத் திருத்தி எழுத வேண்டும். கணக்கு என்னவோ மூன்றாம் வகுப்புக் கணக்குதான். கஷ்டம் எல்லாம் மிச்சத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் இருக்கிறது. கவுண்டரில் பத்துப் பேர் நிற்கும்போது "வீட்டுல எத்தனை இருக்கு?" என்று கேட்க யாருக்கும் நேரம் வராது.

இதை நோட்டில் வைத்துச் செய்பவர்கள் ஒரு விஷயத்தில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களைவிட நன்றாகவே செய்யலாம். நோட்டில் வாடிக்கையாளர் பெயருக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்காமல், தேதிக்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். ஆசிரியருக்கு ஜூலை 26 அன்று ஆஸ்பிரின் தீருகிறது என்றால், ஒரு வாரம் முன்னதாக 19-ஆம் தேதிப் பக்கத்தில் அவர் பெயரும் போன் நம்பரும், பக்கத்தில் "7 இருக்க வேண்டும்" என்ற குறிப்பும். காலையில் கடை திறந்ததும் அன்றைய பக்கத்தைப் பார்த்தால் போதும். அவர் அதற்கு முன்பே வந்து வாங்கிவிட்டால் அந்த வரியை அடித்துவிட்டு புதுத் தேதிப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். இப்படி அடித்து எழுதாத நோட்டு இரண்டே மாதத்தில் குப்பையாகிவிடும்.

அந்த "7 இருக்க வேண்டும்" என்ற சின்னக் குறிப்புக்குள்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன். போன் போகிறது.

"ஐயா வணக்கம், மெடிக்கல்லேர்ந்து பேசுறேன். அந்தச் சின்ன மாத்திரை அட்டையில எத்தனை மிச்சம் இருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

"இருப்பா, கண்ணாடியைப் போட்டுக்கிறேன். ஒண்ணு, ரெண்டு... பதினஞ்சு இருக்கே தம்பி."

கணக்குப்படி 7. கையில் 15. எட்டு மாத்திரை கூடுதல். "சரிங்க ஐயா, அப்ப அடுத்த வாரம் வாங்கிக்கலாம்" என்று போனை வைத்துவிடுவது சுலபம். நல்ல மருந்தாளுநர் வைக்க மாட்டார்.

"எட்டு கூட இருக்கே ஐயா, ஊருக்கு ஏதும் போயிருந்தீங்களா?"

"அதெல்லாம் இல்லப்பா. வயித்தை எரிக்குது. ரெண்டு வாரமா ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போடுறேன்."

"நீங்களா குறைக்காதீங்க ஐயா. நாளைக்கே டாக்டர்கிட்ட இதை அப்படியே சொல்லுங்க. வயித்துக்குப் பாதுகாப்பா வேற ஏதாவது சேத்து எழுதித் தருவார். மலம் கறுப்பாப் போனா மட்டும் நாளைக்குன்னு இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ஆஸ்பிரின் வயிற்றுப் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கக் கூடியது. அந்த எரிச்சலை அவர் டாக்டரிடம் சொல்லியிருக்க மாட்டார். அடுத்த செக்கப் இரண்டு மாதம் கழித்துத்தானே. மகனிடமும் சொல்லியிருக்க மாட்டார். எட்டு மாத்திரை மிச்சம் இருப்பது அதைச் சொல்லிவிட்டது. எதிர்பார்த்த எண்ணிக்கை கையில் இல்லாத கடைக்காரருக்கு 15 என்பது வெறும் ஒரு பதில். 7 என்று எழுதி வைத்திருப்பவருக்கு அது ஒரு கேள்வி. ஆகவே "தீர்ந்துவிட்டது, வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பும் செய்தியைவிட "எத்தனை மிச்சம்?" என்று கேட்கும் செய்தி எல்லா வகையிலும் மேலானது. கடையின் கணக்கை அது திருத்துகிறது, வாடிக்கையாளருக்கு வேண்டாத சரக்கைத் தலையில் கட்டாமல் இருக்கிறது, போடாமல் விட்ட மருந்தையும் காட்டிக்கொடுக்கிறது.

கூடுதலாக இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்திருக்கலாம், அங்கே அவர்கள் மருந்தைத்தான் போட்டிருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மகள் வேறு கடையில் வாங்கிக் கொடுத்திருக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், அதில் சேர்ந்திருக்கலாம். இந்தக் கடைசிக் காரணம் என்றால் கடைக்காரர் அந்த மருந்துக்கான வரியை நோட்டிலிருந்து சந்தோஷமாக அடித்துவிட வேண்டும். அதையும் மீறி மாதாமாதம் நினைவூட்டினால், பெரியவர் இரண்டு இடத்து மாத்திரையையும் சேர்த்துப் போட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. ஒரே மருந்துதான் வேறு கம்பெனி அட்டையில் வேறு பெயரில் வந்திருக்கும். அதை அவர் வேறு மருந்து என்று நினைத்துக்கொள்வார்.

எத்தனை நாள் முன்னதாக நினைவூட்டுவது? எல்லா மருந்துக்கும் 7 நாள் என்று வைப்பவர்கள் உண்டு. ஒரு நாள் இடைவெளி விழுந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்த்து முடிவு செய்வதுதான் சரி என்பேன். தைராய்டு மாத்திரையான தைராக்சின் உடம்பில் மெதுவாகக் குறையும், பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இரண்டு நாள் விட்டுப்போனால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வலிப்புக்கான மாத்திரை அப்படியில்லை. ஓரிரு வேளை தவறினாலும் பல மாதமாக வராமலிருந்த வலிப்பு திரும்ப வந்துவிடலாம், அது சாலையில் வண்டி ஓட்டும்போதும் வரலாம். மெட்டோப்ரோலால் போன்ற இதய மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்பலாம், மாரடைப்பு வரைக்கும் போகலாம். குளோனிடின் என்ற பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் சரசரவென்று ஏறும். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து சில மாதமே ஆனவர் குளோபிடோக்ரெல் மாத்திரையை விட்டால் அந்த ஸ்டென்ட்டிலேயே இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளக்கூடும். ஆகவே தைராய்டுக்காரருக்கு 5 நாள் முன்னதாக ஒரு வாட்ஸ்அப் போதும். வலிப்புக்காரருக்கும் ஸ்டென்ட்காரருக்கும் 10 நாள் முன்னதாக ஆரம்பித்து, பதில் வராவிட்டால் போனில் கூப்பிட்டு, அதுவும் எடுக்காவிட்டால் வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லும் அளவுக்குப் போக வேண்டும். விலை அதிகமான மருந்துக்கு அதிக அக்கறை காட்டுவதுதான் வியாபாரத்தின் இயல்பு. இங்கே அது பொருந்தாது. வலிப்பு மாத்திரைகளில் பல மலிவானவை.

இதோடு ஊர் நிலவரமும் சேர வேண்டும். கடையில் இல்லாத மருந்தை ஏஜென்சியில் சொல்லி வரவழைக்க சிறு ஊர்களில் இரண்டு நாள் ஆகும், நடுவில் ஞாயிறு வந்தால் மூன்று. பொங்கலுக்கு மொத்த வியாபாரிகள் சில நாள் கடையடைத்துவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. 2023 டிசம்பர் ஆரம்பத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை தண்ணீரில் நின்றது. அதே மாதம் நடுவில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கின. வீட்டை விட்டு இறங்க முடியாத அந்த நாட்களில் டிராயரில் பத்து மாத்திரை இருந்தவருக்கும் ஒன்றும் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. மழைக்காலம் தொடங்கும் முன்பே, செப்டம்பர் கடைசியில், எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வாரச் சரக்கு கூடுதலாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளும் கடைக்காரர் தன் தொழிலை நன்றாகத் தெரிந்தவர்.

ஆசிரியரின் 28-க்கும் 30-க்கும் உள்ள தகராறைத் தீர்க்க இரண்டு வழி உண்டு. கையில் எப்போதும் பணம் புழங்குகிறவர் என்றால், மாதம் என்பதை மறந்துவிட்டு 28 நாளுக்கு ஒரு தடவை வரச் சொல்லலாம். 28 நாள் என்றால் சரியாக நான்கு வாரம், எப்போதும் ஒரே கிழமையில் விழும். "நாலு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை" என்று சொன்னால் மனதில் நிற்கும். வருடத்துக்கு 13 தடவை. மற்ற மாத்திரைகளில் ஒவ்வொரு தடவையும் இரண்டு நாளுக்கானது மிச்சமாகும், அது மெல்லச் சேர்ந்து ஒரு வாரக் கையிருப்பாகிவிடும். சேர்ந்த பிறகு ஓர் அட்டை குறைத்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பென்ஷன்காரருக்கு ஒன்றாம் தேதிதான் தோது. அவரிடம் நான்கு வாரக் கணக்குப் பேசிப் பயனில்லை. அவருக்கு ஜூனில் முதல் தடவை மட்டும் ஆஸ்பிரினை மூன்று அட்டையாகக் கொடுத்துவிட்டு அதன் பிறகு மாதம் இரண்டு என்று தொடரலாம். அந்தக் கூடுதல் 14 மாத்திரை ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்றாகக் குறைந்து அக்டோபர் வரை தாங்கும். நவம்பர் முதல் தேதி மறுபடி மூன்று அட்டை. இதையும் நோட்டில் நவம்பர் 1-ஆம் தேதிப் பக்கத்தில் இப்போதே எழுதி வைத்துவிட வேண்டும்.

அட்டையை வெட்டிக் கொடுத்துவிட்டால் போயிற்றே என்று கேட்கலாம். சரியாக 30 எண்ணி, இரண்டு முழு அட்டையும் இரண்டு மாத்திரை வெட்டியும் தருகிற கடைகள் இருக்கின்றன. வெட்டும்போது காலாவதித் தேதியும் பேட்ச் நம்பரும் அச்சடித்த ஓரம் ஒரு துண்டோடு போய்விடும். மற்ற துண்டில் என்ன மருந்து என்றுகூடச் சில நேரம் படிக்க முடியாது. ஐந்தாறு மருந்து போடும் வயதானவர் கையில் பெயரில்லாத இரண்டு மாத்திரையைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முழு அட்டையாகக் கொடுத்துக் கணக்கை நோட்டில் வைப்பது நல்லது.

மாத்திரையை எண்ணலாம். இன்சுலினை எண்ண முடியாது, அங்கேதான் கணக்கு ரொம்பவே தடுக்கி விழுகிறது. பேனாவில் போடும் இன்சுலின் கேட்ரிட்ஜ் ஒன்றில் 3 மில்லி, 300 யூனிட். ஒருவர் காலையில் 18, இரவில் 12, ஆக நாளுக்கு 30 யூனிட் போடுகிறார். 300-ஐ 30-ஆல் வகுத்தால் பத்து நாள். ஐந்து கேட்ரிட்ஜ் கொண்ட பெட்டி 50 நாள் வரும் என்று கடைக்காரர் எழுதி வைப்பார். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஊசி போடும் முன் 2 யூனிட் வெளியே பீய்ச்சிப் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள், ஊசிமுனையில் காற்று இல்லாமல் மருந்து வருகிறதா என்று உறுதி செய்ய. நாளுக்கு இரண்டு ஊசி, 4 யூனிட் உடம்புக்குள் போகாமலே செலவு. நாள் செலவு 34. கேட்ரிட்ஜ் ஒன்பதாம் நாளே தீர்ந்துவிடும். பெட்டி 44 நாள்தான். 50 நாள் என்று நம்பி 43-ஆம் நாள் நினைவூட்டினால் அப்போது அவரிடம் ஒரு நாளைக்கான மருந்துதான் மிச்சம் இருக்கும். அதுவும் சொன்னபடி பீய்ச்சிப் பார்க்கும் ஒழுங்கானவருக்குத்தான் இந்தப் பற்றாக்குறை வரும். பெட்டி சரியாக 50 நாள் வருகிறது என்று ஒருவர் சொன்னால், அவர் பீய்ச்சிப் பார்ப்பதே இல்லை என்று அர்த்தம். அடுத்த தடவை வரும்போது பேனாவை எடுத்துவரச் சொல்லி ஒரு முறை செய்துகாட்ட வேண்டும்.

குறைவாகப் போடுகிறவருக்குக் கணக்கு வேறு பக்கம் திரும்பும். இரவில் மட்டும் 8 யூனிட் போடுகிறவருக்கு, பீய்ச்சும் 2 யூனிட்டையும் சேர்த்தால் ஒரு கேட்ரிட்ஜ் 30 நாள் வரும். ஆனால் பேனாவில் பொருத்திப் பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலினைப் பெரும்பாலான வகைகளில் 28 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கடைசி இரண்டு நாள் மருந்து மிச்சமிருந்தாலும் எறிந்துவிட வேண்டும். காசு கொடுத்து வாங்கியதை எறிய யாருக்கும் மனம் வராது, அதனால் நினைவூட்டும்போது அந்த 28 நாளையும் சேர்த்துச் சொல்வது கடைக்காரரின் பொறுப்பு. திறக்காத கேட்ரிட்ஜ்களுக்கு 2 முதல் 8 டிகிரிக் குளிர்ச்சி வேண்டும். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாதவரிடம் பெட்டியோடு வாங்கச் சொல்லி நினைவூட்டுவது தவறு. அவருக்கு ஒவ்வொன்றாகத்தான் கொடுக்க வேண்டும், நினைவூட்டலும் அதற்கேற்ப அடிக்கடி போக வேண்டும்.

இனி, நினைவூட்டவே கூடாத சரக்குகள். ஆஸ்துமாக்காரர்கள் மூச்சு முட்டும்போது இழுத்துக்கொள்ளும் சால்பியூட்டமால் இன்ஹேலரில் வழக்கமாக 200 இழுப்பு இருக்கும். நோய் கட்டுக்குள் இருக்கிறவருக்கு அது பல மாதம் வரும். ஒருவர் இரண்டு மாதத்துக்கு ஒன்று வாங்க ஆரம்பித்திருக்கிறார் என்றால் கம்ப்யூட்டர் அதை அவருடைய "வழக்கமான உபயோகம்" என்று எடுத்துக்கொண்டு, அடுத்த இன்ஹேலருக்கு ஐம்பதாவது நாளில் அழகாகச் செய்தி அனுப்பும். ஆனால் வருடத்தில் மூன்றோ அதற்கு மேலோ தீர்க்கிறவருக்குக் கடுமையான மூச்சுத்திணறல் வரும் அபாயம் கூடுதல் என்பது ஆஸ்துமா சிகிச்சையில் உலகமெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட எச்சரிக்கை. இங்கே வேகமாகத் தீருவதே நோய் முற்றுவதன் அடையாளம். அவருக்குப் போக வேண்டிய செய்தி "இன்ஹேலர் எடுத்து வைத்திருக்கிறோம்" என்பது இல்லை. "டாக்டரைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு? தினமும் போடச் சொன்ன இன்னொரு இன்ஹேலரைப் போடுறீங்களா?" என்று நேரில் கேட்க வேண்டியது. வலி மாத்திரை, தூக்க மாத்திரை, ஆன்டிபயாட்டிக் ஆகியவற்றுக்கும் நினைவூட்டல் கூடாது. தேவைப்படும்போது மட்டும் போட வேண்டியதை, தேவை வந்துவிட்டது என்று கடையே சொல்வது போலாகிவிடும். நோட்டோ கம்ப்யூட்டரோ, பட்டியலில் எந்த மருந்து ஏறலாம் என்பதை மருந்தாளுநர்தான் தீர்மானிக்க வேண்டும். எது அடிக்கடி விற்கிறது என்பதை வைத்துத் தானாக ஏறவிடக் கூடாது.

செய்தியில் என்ன எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். பல வீடுகளில் ஒரு போனை மூன்று பேர் பார்க்கிறார்கள். மனநல மாத்திரை, எச்.ஐ.வி. மாத்திரை, குழந்தைப்பேறுக்கான மருந்து போன்றவற்றின் பெயர் திரையில் மின்னினால், அவர் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது வீடு முழுக்கத் தெரிந்துவிடும். எல்லாருக்குமே மருந்தின் பெயரில்லாமல் எழுதுவதை வழக்கமாக்கிவிட்டால் யாருடைய செய்தியும் தனியாகத் தெரியாது. இப்படி எழுதலாம்: "வணக்கம். உங்கள் வழக்கமான மருந்து இம்மாதம் 26 வரை வரும் என்று எங்கள் கணக்கு. எத்தனை மிச்சம் இருக்கிறது என்று மட்டும் தெரிவியுங்கள், தேவையானதை எடுத்து வைக்கிறோம். டாக்டர் ஏதாவது மாற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள். நினைவூட்டல் வேண்டாம் என்றால் 'வேண்டாம்' என்று அனுப்பினால் போதும்." கடைசி வரி மரியாதைக்காக மட்டும் இல்லை. ஒருவருடைய விவரங்களை அவர் சம்மதத்தோடுதான் பயன்படுத்த வேண்டும், சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்பது 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை.

"டாக்டர் மாற்றியிருந்தால்" என்ற வரியையும் விட்டுவிடக் கூடாது. காலை ஒன்று, இரவு ஒன்று என்றிருந்த மெட்ஃபார்மினை டாக்டர் மூன்று வேளையாக்கியிருப்பார். 60 மாத்திரை 20 நாளில் தீர்ந்துவிடும். கடையின் நோட்டில் இன்னும் 30 நாள் என்றே இருக்கும். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வாடிக்கையாளர் அடுத்தடுத்து இரண்டு தடவை கணக்குக்கு முன்பே வந்து நின்றால், அளவு கூடியிருக்கிறது என்றோ, வீட்டில் இன்னொருவரும் அதே மாத்திரையை எடுத்துப் போடுகிறார் என்றோ கொள்ளலாம். கணவனுக்கு எழுதிய பிரஷர் மாத்திரையை மனைவியும் போட்டுக்கொள்வது கேள்விப்படாத சங்கதி இல்லை. இரண்டு தடவை தாமதமாக வந்தால் விட்டு விட்டுப் போடுகிறார், அல்லது பணமுடை. பணம்தான் காரணம் என்று தெரிந்தால், அதே மருந்து மலிவாகக் கிடைக்கும் வேறு கம்பெனியையோ, மக்கள் மருந்தகத்தையோ, 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களையோ காட்டிவிடுவது நல்லது. அந்த வாடிக்கையாளர் போய்விடுவார்தான். மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டு இதே கடையில் தொடர்வதைவிட அது மேல்.

கடைசியாக, எத்தனை மாதத்துக்கு நினைவூட்டலாம் என்ற கேள்வி இருக்கிறது. நாம் பேசிய மருந்துகளில் பெரும்பாலானவை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. மருந்துகள் விதிகள், 1945, ஒரே சீட்டுக்குத் திரும்பத் திரும்ப மருந்து கொடுக்க வேண்டுமானால் டாக்டரே அதில் அப்படி எழுதியிருக்க வேண்டும் என்கின்றன. மூன்று மாதத்துக்கு என்று எழுதிய சீட்டை வைத்து ஏழாவது மாதமும் நினைவூட்டி விற்றுக்கொண்டிருப்பது சட்டப்படியும் தவறு, அந்த மனிதருக்கும் கெடுதல். மெட்ஃபார்மின் போடுகிறவருக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அவ்வப்போது இரத்தப் பரிசோதனையில் பார்க்க வேண்டும். டெல்மிசார்டனுக்குப் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். ஆகவே நோட்டில் தீரும் தேதிக்குப் பக்கத்தில் சீட்டு முடியும் தேதியும் இருக்க வேண்டும். ஆசிரியரின் சீட்டு ஜூன் 1-லிருந்து மூன்று மாதம் என்றால் ஆகஸ்ட் 31-இல் முடிகிறது. டாக்டரிடம் டோக்கன் கிடைக்க ஒரு வாரம், இரத்தப் பரிசோதனை முடிவு வர ஓரிரு நாள். அதனால் ஆகஸ்ட் 17-ஆம் தேதிப் பக்கத்தில் அவர் பெயருக்கு நேரே மருந்து எதுவும் எழுத வேண்டாம், "டாக்டரைப் பார்க்கச் சொல்லவும்" என்று மட்டும் எழுதி வைக்க வேண்டும்.